ஏணியை எடுக்கும் முன் அண்ணாந்து பாருங்கள்

கார்த்திகை தீபத்தில் தொடங்கிப் பொங்கல் வரை நம் தெருக்களில் ஏணிகளின் நடமாட்டம் அதிகம். சீரியல் லைட் கட்ட ஒருவர், வெள்ளையடிக்க ஒருவர், பியூஸ் போன போர்டிகோ பல்பை மாற்ற ஒருவர் என்று வீட்டுக்கு வீடு ஏணி கைமாறும். ஏணி என்றாலே ஏறுகிறவர் கீழே விழுந்துவிடக் கூடாதே என்றுதான் நமக்குக் கவலை. அது நியாயமான கவலைதான். ஆனால் வீட்டு வாசலில் மேலே ஈ.பி. ஒயர் போகிறது என்றால், ஆபத்து யாரும் ஏறுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. படுக்க வைத்திருந்த ஏணியைத் தூக்கி நிமிர்த்தும்போதும், நிமிர்த்திய ஏணியை அப்படியே இரண்டடி நகர்த்தும்போதும்தான் அதன் தலை ஒயரில் போய் இடிக்கும். தூக்குகிறவரின் கண் ஏணியின் காலில் இருக்கும். தலைப்பக்கத்தை யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எனவே எந்த ஏணி, எங்கே வைப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியது விளக்கு மட்டுமல்ல, மேலே போகும் ஒயரும்தான்.

மெயினை அணைத்தாலும் அணையாத ஒயர்

தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஜி.ஐ. கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். அந்தக் கம்பியை ஒட்டியே கறுப்பு ஒயர் வரும். வீட்டுப் பக்கம் கைப்பிடிச் சுவரிலோ முன்சுவரிலோ நட்ட ஒரு ஜி.ஐ. பைப்பின் வளைந்த வாய்க்குள் ஒயர் நுழைந்து மீட்டருக்கு இறங்கும். மீட்டருக்கு அப்புறம்தான் உங்கள் மெயின் ஸ்விட்ச், அதற்கும் அப்புறம்தான் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. எல்லாம்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் ஒரு விஷயம் தெளிவாகும். மெயினை அணைத்தால் வீட்டுக்குள் மட்டும்தான் மின்சாரம் நிற்கும். கம்பத்திலிருந்து மீட்டர் வரை உள்ள ஒயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். உயிர் காக்கும் என்று நம்பி வீட்டில் மாட்டிய ஆர்.சி.சி.பி. அந்த ஒயரில் ஏணி பட்டால் அசையாது. அதன் காவல் எல்லை மீட்டருக்கு இந்தப் பக்கம் மட்டுமே. கம்பத்தில் இருக்கும் பியூஸும் உதவாது. அது போக வேண்டுமானால் பல ஆம்பியர் ஓட வேண்டும். மனித உடம்பு வழியாக ஓடுவதோ ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூட. உயிரை எடுக்க அது தாராளம்; பியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

“மேலே ரப்பர் சுற்றின ஒயர்தானே, பட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. சுற்றியிருப்பது பெரும்பாலும் பி.வி.சி. வருடக் கணக்கில் வெயிலில் காய்ந்தால் அது வெடிக்கும். பைப்பின் வாயில் காற்றுக்கு ஆடி ஆடி உரசித் தேயும். முருங்கைக் கிளையோ தென்னை ஓலையோ தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் முதலில் போகும். அணில் கடிப்பதும் உண்டு. எப்போதோ அறுந்து டேப் சுற்றி ஒட்டுப்போட்ட இடம் இருந்தால் அதைக் கிட்டத்தட்ட வெறும் ஒயர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஓரிடத்தில் தோல் உரிந்து உள்ளிருக்கும் உலோகம் அந்த ஜி.ஐ. கம்பியைத் தொட்டுவிட்டால், தாங்குவதற்காகக் கட்டிய கம்பி முழுக்க மின்சாரம் ஏறிவிடும். வெறும் கம்பிதானே என்று அதில் ஏணியைச் சாய்ப்பதும் துணிக்கொடி கட்டுவதும் உயிரோடு விளையாடுவது.

கீழே பிடிப்பவருக்குத்தான் முதல் அடி

அலுமினிய ஏணியின் தலை ஒயரைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் ஏணி முழுக்க ஒரு நொடியில் பரவி நிற்கும். ஏணியின் அடியில் ரப்பர் பூட் இருந்தால் அது தரைக்குள் இறங்க வழியில்லை. வழுக்காமல் இருக்க மாட்டிய அதே ரப்பர் இப்போது எதிராக வேலை செய்கிறது. ஏணியைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும் ஆள்தான் மின்சாரத்துக்குக் கிடைக்கும் ஒரே வழி.

ஏறி நிற்பவரின் கையும் காலும் ஏணியிலேயே இருந்து, சுவரையோ பைப்பையோ அவர் தொடாமல் இருந்தால், ஒற்றைக் கம்பியில் உட்கார்ந்த காகம் போல அவருக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். கீழே ‘கெட்டியாகப் பிடி’ என்று சொல்லி நிறுத்தப்பட்ட பையனுக்கோ மனைவிக்கோ அந்த வாய்ப்பு இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஏணியைத் தூக்கினால் இருவருமே மாட்டிக்கொள்வார்கள். சுமார் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கைத்தசை இறுகிவிடும், பிடித்ததை விட முடியாது. அதனால் ‘பட்டால் விட்டுவிடலாம்’ என்ற நினைப்புக்கே இடமில்லை.

மூங்கில் ஏணி என்றால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். நன்றாகக் காய்ந்த மூங்கிலில் மின்சாரம் எளிதில் பாயாது. ஆனால் பச்சை மூங்கிலிலும், இரவு முழுக்கப் பனியில் கிடந்ததிலும், சுண்ணாம்பு வழிந்து ஊறியதிலும் பாயும். கயிறு அறுந்த இடத்தில் கட்டுக்கம்பி சுற்றிய ஏணிகளும் புழக்கத்தில் இருக்கின்றன. மரம், மூங்கில் ஏணிகளுக்குப் பெயின்ட் அடித்திருந்தால் வாங்காதீர்கள், இரவலும் கேட்காதீர்கள். கணுவில் விழுந்த விரிசலைப் பெயின்ட் மறைத்துவிடும்.

ஒயர் இருக்கும் இடத்துக்கு ஏற்றது ஃபைபர் ஏணி. எலெக்ட்ரிக் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்து ஏணிகள் பெரும்பாலும் இவைதான். பக்கச் சட்டம் இரண்டும் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தவை. படிகள் மட்டும் பல ஏணிகளில் அலுமினியம். அலுமினியத்தைவிட எடையும் விலையும் கூடுதல். இதையும் ஈரமாகவோ, சிமென்ட் அப்பிய நிலையிலோ நம்பக் கூடாது. சட்டத்தில் வெள்ளை வெள்ளையாக இழை கிளம்பிக் கையில் குத்துகிறதென்றால் ஏணிக்கு வயதாகிவிட்டது என்று பொருள். ஃபைபர் ஏணி என்பது தவறுதலாகப் பட்டுவிட்டால் இருக்கும் இரண்டாவது காப்பு மட்டுமே. முதல் காப்பு இடைவெளி.

ஒரு வீடு, ஒரு விளக்கு, இரண்டு ஏணி

சாதாரணமான ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்சுவரில் 11 அடி உயரத்தில் ஒரு விளக்கு. அதற்கு வலப்பக்கம் 4 அடி தள்ளி, 14 அடி உயரத்தில் சர்வீஸ் ஒயர் வந்து பைப்பில் நுழைகிறது. பல்பு போய்விட்டது. பக்கத்து வீட்டில் 16 அடி அலுமினிய ஏணி இருக்கிறது. நம் வீட்டில் 8 அடி மடக்கு ஏணி இருக்கிறது.

16 அடி ஏணியை முதலில் பார்ப்போம். அதை நிமிர்த்தும் நேரத்தில் தலை 16 அடிக்குப் போகும், ஒயரோ 14 அடியில் இருக்கிறது. சரி, பார்த்துப் பார்த்து நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஏறியவர் எட்டிப் பிடிக்க உடம்பைச் சாய்க்கும்போது ஏணி வலப்பக்கம் சரிகிறது. அதன் தலை 4 அடி தள்ளிப் போகும்போதும் ஏறக்குறைய பதினைந்தரை அடி உயரத்தில்தான் இருக்கும். விழும் வழியில் அது ஒயரை அடித்துக்கொண்டுதான் போகும். அதாவது ஆபத்து வட்டத்தின் அளவு நம் கை எட்டும் தூரமல்ல, ஏணியின் முழு நீளம்.

இப்போது 8 அடி மடக்கு ஏணி. விரித்து வைத்தால் உயரம் 8 அடிக்கும் குறைவு. கையில் நிமிர்த்திப் பிடித்து இரண்டடி தூக்கி நடந்தாலும் தலை 10 அடியைத் தாண்டாது. எந்தப் பக்கம் சரிந்தாலும் 14 அடி ஒயரை அது தொடவே முடியாது. மடக்கு ஏணியில் உச்சிப் பலகையிலும் அதற்கு அடுத்த படியிலும் நிற்கக் கூடாது என்பது விதி. அங்கே நின்றால் முழங்காலுக்குக்கூட அணைப்பு இருக்காது. நம் வேலைக்கு அவ்வளவு உயரமும் வேண்டாம். ஐந்தரை அடி ஆள் 5 அடி உயரப் படியில் நின்றாலே தலை பத்தரை அடியில் இருக்கும். விளக்கு கண்ணுக்குச் சற்று மேலே, கைக்கு வாகாக அமையும். கடையில் சில இடங்களில் அடிக் கணக்கிலும் சில இடங்களில் படிக் கணக்கிலும் ஏணி சொல்வார்கள். எதுவானாலும் “எந்தப் படி வரை நிற்கலாம், அது தரையிலிருந்து எத்தனை அடி?” என்று கேட்டு வாங்குங்கள். எவ்வளவு எடை தாங்கும் என்பதையும் ஏணியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பாருங்கள். ஆளின் எடையோடு கையில் எடுத்துப் போகும் சாமானையும் சேர்த்துத்தான் கணக்கு.

இதே வீட்டில் இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. விளக்கில் வேலை செய்யும் கைக்கும் ஒயருக்கும் உயரத்தில் 3 அடி, பக்கவாட்டில் 4 அடி வித்தியாசம். நேர்கோட்டில் அளந்தால் 5 அடி. இது போதுமா? அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளில் சாரம் கட்டி வேலை செய்வோருக்குச் சொல்லும் அளவை இங்கே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். உறை போட்ட, 300 வோல்ட்டுக்குக் குறைந்த ஒயருக்கு 3 அடி. உறை இல்லாத ஒயருக்கு 10 அடி. நம் ஒயரின் தோல் நன்றாக இருந்தால் 5 அடி இடைவெளி சரி. வெடிப்போ, உரசலோ, டேப் ஒட்டோ அந்தப் பக்கம் கண்ணில் பட்டால் அது உறை இல்லாத ஒயர்தான். அப்போது 5 அடி போதாது, ஈ.பி.யில் சொல்லி மாற்றிய பிறகுதான் ஏணி.

வீட்டை ஒட்டி வெறும் ஒயராகப் போகும் லைன் எதுவானாலும் இந்த 10 அடியை விட்டுக்கொடுக்கக் கூடாது. நம் நாட்டு மின் பாதுகாப்பு விதிப்படி 11,000 வோல்ட் வரையிலான லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது 4 அடி இடைவெளி இருந்தால் போதும். அது சுவருக்கும் ஒயருக்கும் உள்ள கணக்கு. மாடியில் ஏணியோடு நிற்கும் ஆளுக்கு 4 அடி என்பது கை நீட்டும் தூரம். கம்பத்தின் உச்சியில் பெரிய பீங்கான்களின் மேல் மூன்றே கம்பிகள் போனால் அது எச்.டி. லைனாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கம் ஃபைபர் ஏணியும் காய்ந்த மூங்கிலும் ஒன்றும் காப்பாற்றாது.

சாய்க்கும் ஏணி என்றால்

மொட்டை மாடிக்கு ஏற வேண்டும், படிக்கட்டு இல்லை. அல்லது உயரமான சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். அப்போது சாய்ப்பு ஏணிதான் வழி. அதே வீட்டின் கைப்பிடிச் சுவர் 13 அடியில் இருக்கிறது என்று கொள்வோம்.

சாய்ப்புக்கு எளிய கணக்கு நாலுக்கு ஒன்று. ஏணி சுவரில் படும் இடம் தரையிலிருந்து எத்தனை அடியோ, அதில் கால் பங்கு தூரம் ஏணியின் கால் சுவரை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். 13 அடிக்கு மூன்றேகால் அடி. இதைவிடக் கிட்டே வைத்தால் ஏறுகிறவர் எடைக்கு ஏணி பின்பக்கமாக மல்லாரும். இதைவிடத் தள்ளி வைத்தால் கால் வழுக்கி, ஏணி சுவரோடு சரிந்து இறங்கும். அளவு டேப் இல்லாமலே சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஏணியின் காலில் உங்கள் கால் விரல் படும்படி நேராக நின்று இரண்டு கையையும் தோள் மட்டத்துக்கு நீட்டுங்கள். உள்ளங்கை படியில் பதிந்தால் சாய்வு சரி. முழங்கை மடங்கினால் ஏணி செங்குத்தாக நிற்கிறது. கை எட்டவில்லையென்றால் அதிகம் படுத்திருக்கிறது.

மாடியில் கால் வைத்து இறங்குவதாக இருந்தால் ஏணி கைப்பிடிச் சுவருக்கு மேல் 3 அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏணியிலிருந்து மாடிக்கு மாறும் அந்த ஒரு நொடியில் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இருக்காது. தலைப்பக்கத்தைக் கயிற்றால் கட்டிவிடவும் வேண்டும். இப்படிப் பார்த்தால் நமக்கு வேண்டிய ஏணி பதினாறரை அடி. 14 அடியில் ஒயர் போகும் முன்வாசலில் இதை நிமிர்த்துவது எப்படி முடியும் என்று யோசித்து மூளையைக் கசக்க வேண்டாம். வீட்டின் பின்பக்கம் போய்விடுங்கள். ஒயருக்கு நேர் கீழே உள்ள இடத்திலிருந்து ஏணியின் கால் வைக்கும் இடம் வரை உள்ள தூரம் ஏணியின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வெறும் ஒயர் என்றால் அதோடு இன்னும் 10 அடி. ஏணி எப்படி விழுந்தாலும் எட்டாது.

பின்பக்கமும் இடமில்லை, ஒயர் இருக்கும் சுவரிலேயே வெள்ளையடித்தாக வேண்டும் என்றால் சப்ளையை நிறுத்தச் சொல்வது ஒன்றே வழி. உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, நாள் குறித்து, கம்பத்திலேயே சர்வீஸைக் கழற்றச் சொல்லலாம். மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் புகாரைப் பதியலாம். வெள்ளையடிக்க வந்தவர், “அதெல்லாம் பாத்துக்கலாம் சார், நான் எத்தனை வீடு அடிச்சிருக்கேன்” என்பார். “இல்லண்ணே, ஈ.பி.காரர் வந்து கழட்டட்டும். இன்னிக்கு அந்தப் பக்கத்துச் சுவரை முடிங்க” என்று சொல்ல வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. ஒரு நாள் கூலி வீணாகிவிடுமே என்று அவரும் யோசிப்பார். வேறு சுவரைக் காட்டிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

படியில் நின்ற பிறகு

பல்பு மாற்றும்போது வரும் ஷாக் லேசாக இருந்தாலும் கையை உதற வைக்கும். 5 அடி உயரத்தில் அந்த உதறலே கீழே தள்ளிவிடும். விளக்கின் ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஸ்விட்ச் ஃபேஸ் ஒயரில் இருக்க வேண்டும். நியூட்ரலில் மாட்டியிருந்தால் விளக்கு அணையும், ஹோல்டரில் மட்டும் மின்சாரம் நிற்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு இரவில் மங்கலாக மினுமினுக்கிறது என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே விளக்குக்கு உரிய எம்.சி.பி.யையோ மெயினையோ அணைத்துவிட்டே ஏற வேண்டும். மேலே போனதும் ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அந்த டெஸ்டர் எரிகிறதா என்று ஏறுவதற்கு முன், எம்.சி.பி.யை அணைக்கும் முன்பே ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பழுதான டெஸ்டர் எரியாமல் இருப்பதைக் கரண்ட் இல்லை என்று எடுத்துக்கொண்டால் வந்தது வினை.

மடக்கு ஏணியின் நடுவே உள்ள தாங்கிக் கம்பி இரண்டும் முழுக்க விரிந்து பூட்டியிருக்க வேண்டும். விரிக்காமல் மடக்கியபடியே சுவரில் சாய்த்து ஏறினால் கால் வழுக்கும். நான்கு காலும் சமமாகத் தரையில் பதிய வேண்டும். ஆடுகிறதென்று செங்கல்லோ, மடித்த அட்டையோ கொடுத்தால் இரண்டாவது படியில் அது நழுவும். ஏணியை நகர்த்திச் சமமான இடம் பாருங்கள். வேலை செய்யும்போது வயிற்றின் நடுப்பகுதி ஏணியின் இரண்டு சட்டங்களுக்குள்ளேயே இருக்க வேண்டும். எட்டவில்லையென்றால் இறங்கி நகர்த்த வேண்டும். அந்தச் சோம்பலில்தான் ஏணி பக்கவாட்டில் சரிகிறது. நகர்த்துவதற்கு முன் மறுபடியும் அண்ணாந்து பார்க்க வேண்டும். முதலில் நின்ற இடத்துக்கு மேல் ஒயர் இல்லை என்பதால் அடுத்த இடத்துக்கு மேலும் இல்லை என்று ஆகாது.

எல்லாம் மீறி ஏணி ஒயரில் பட்டு ஒருவர் மாட்டிக்கொண்டால் அவரையோ ஏணியையோ தொடாதீர்கள். இந்த இடத்தில் வீட்டு மெயினை அணைக்க ஓடுவது வீண். ஏணி பட்டிருப்பது மெயினுக்கு முந்தைய ஒயரில். மற்றவர்களை விலக்கி நிறுத்திவிட்டு ஈ.பி.க்கும் 108க்கும் உடனே சொல்ல வேண்டும். பட்டது வீட்டு சர்வீஸ் ஒயர்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், காய்ந்த நிலத்திலோ பலகையிலோ நின்று, நன்கு காய்ந்த நீளமான மரக்கட்டையால் ஏணியைத் தள்ளிவிடலாம். எச்.டி. லைன் என்றால் சப்ளை நின்றது என்று ஈ.பி.காரர் சொல்லும் வரை பத்து மீட்டருக்குள் யாரும் போகக் கூடாது.

இத்தனை கணக்கும் தேவைப்படுவதற்குக் காரணம், என்றோ ஒருநாள் ஒயருக்குப் பக்கத்தில் மாட்டிய ஒரு விளக்குதான். புது வீடு கட்டுகிறவர்களும் ஒயரிங் மாற்றுகிறவர்களும் எலெக்ட்ரீஷியனிடம் இரண்டு விஷயம் சொன்னால் போதும். வெளிச்சுவர் விளக்கை 8 அடிக்கு மேல் ஏற்ற வேண்டாம். சர்வீஸ் பைப் வரும் மூலையில் விளக்கோ கேமராவோ மாட்ட வேண்டாம். 8 அடியில் இருக்கும் விளக்குக்கு மூன்று படி ஏணி போதும். அதை ஒயருக்கு நேர் கீழேயே விரித்தாலும் ஒன்றும் எட்டாது.